1.72 என்கிற நல்ல மதிப்பெண்

எம்.பி.ஏ. மாணவர்களுக்குக் கம்பெனிக் கணக்கு வாசிக்கச் சொல்லித்தரும்போது, முதல் வாரத்திலேயே ஒரு தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். திருப்பூர்ப் பக்கத்துப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் இரண்டு வருடக் கணக்கு அது. நிறுவனத்துக்குப் பெயர் கிடையாது. பாடத்துக்காக நானே உட்கார்ந்து கட்டிய கணக்கு. மாணவர்களுக்கு வேலை ஒன்றுதான்: நீங்கள் வங்கி அதிகாரி, இந்த நிறுவனம் மேலும் ஒரு கோடி ரூபாய் கடன் கேட்கிறது, கொடுப்பீர்களா?

வாசகரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எண்கள் எல்லாம் லட்சம் ரூபாயில்.

| | சென்ற ஆண்டு | இந்த ஆண்டு |
|---|---|---|
| விற்பனை | 2000 | 2500 |
| விற்ற சரக்கின் அடக்கம் | 1560 | 1950 |
| மற்ற செலவுகள் | 260 | 310 |
| வட்டி | 40 | 64 |
| வரி | 35 | 44 |
| நிகர லாபம் | 105 | 132 |
| கட்டடம், இயந்திரங்கள் | 500 | 520 |
| சரக்கிருப்பு | 250 | 400 |
| வரவேண்டிய பாக்கி | 330 | 680 |
| ரொக்கம், வங்கி இருப்பு | 60 | 20 |
| மொத்தச் சொத்து | 1140 | 1620 |
| கொடுக்கவேண்டிய பாக்கி | 260 | 330 |
| குறுகிய கால வங்கிக் கடன் | 180 | 280 |
| இதர உடனடிப் பொறுப்புகள் | 20 | 30 |
| நீண்ட காலக் கடன் | 180 | 420 |
| முதலாளிகளின் பணம் | 500 | 560 |

கால் மணி நேரத்தில் வகுப்பே பதில் சொல்லிவிடும். விற்பனை 25 சதவீதம் ஏறியிருக்கிறது. லாபமும் அதே அளவு ஏறியிருக்கிறது. பிறகு கால்குலேட்டரை எடுப்பார்கள். ஒரு வருடத்துக்குள் பணமாக வேண்டிய சொத்துகளை, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய பொறுப்புகளால் வகுத்தால் கிடைப்பது நடப்பு விகிதம். அது 1.39-லிருந்து 1.72 ஆகியிருக்கிறது. முதலாளிகள் போட்ட பணத்துக்கு லாபம் 21 சதவீதம் கிடைத்தது, இப்போது 23.6. வட்டியைப் போல் 3.75 மடங்கு சம்பாதிக்கிறது. நீர்மைத்தன்மை தேறிவிட்டது, லாபத்தன்மை தேறிவிட்டது, கடன் சுமையும் தாங்கக்கூடியதுதான். கடன் கொடுக்கலாம்.

ஒரு வருடம், கடைசி வரிசையில் இருந்த மாணவி கையைத் தூக்கினாள். ஈரோட்டில் அவள் அப்பா நூல் வியாபாரம் செய்கிறார். "சார், இவங்க கிட்ட கையில இருக்கிறதே 20 லட்சம்தானே? வருஷத்துக்கு 25 கோடி விக்கிற கம்பெனி சனிக்கிழமை கூலி எப்படிக் கொடுக்கும்?" என்று கேட்டாள்.

விகிதம் எதையும் போடாமல் கேட்ட கேள்வி அது. ஆனால் மற்றவர்கள் போட்ட எல்லா விகிதத்தையும் விட நிறுவனத்துக்கு அருகில் போன கேள்வியும் அதுதான். கூலிக்கும் வேதனத்துக்கும் வரவேண்டிய பாக்கியைக் காட்டி யாரும் சமாளிக்க முடியாது.

நடப்பு விகிதம் எப்படி ஏறியது என்று பார்ப்போம். பாடப்புத்தகத்தில் 2 இருந்தால் நல்லது என்று படித்திருப்பார்கள். நம் நாட்டு வங்கிகளில் நெடுங்காலம் புழங்கிய எண் வேறு: 1.33. ரிசர்வ் வங்கி 1974-இல் பிரகாஷ் டாண்டன் தலைமையில் அமைத்த குழு, தொழிலின் அன்றாடப் புழக்கத்துக்கு வங்கி எவ்வளவு கடன் தரலாம் என்று சில வழிகளைச் சொன்னது. அதில் இரண்டாவது வழியின்படி, சரக்கும் பாக்கியும் சேர்ந்து 100 ரூபாய் என்றால், அதில் 25 ரூபாயாவது முதலாளியின் பணமாகவோ நீண்ட காலக் கடனாகவோ இருக்க வேண்டும். மீதி 75 ரூபாய்தான் சப்ளையர் பாக்கியும் வங்கியின் குறுகிய காலக் கடனும். 100-ஐ 75-ஆல் வகுத்தால் 1.33. அந்த எண்ணின் பூர்வீகம் அவ்வளவுதான். அது நிறுவனத்தின் ஆரோக்கியத்துக்கான அளவுகோலாகப் பிறக்கவில்லை. புழக்கத்துக்கான பணத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்கப் பிறந்தது.

இதைத் தெரிந்துகொண்டு தாளைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். நம் நிறுவனம் இந்த வருடம் நீண்ட காலக் கடனை 180-லிருந்து 420-ஆக ஏற்றியிருக்கிறது. 240 லட்சம் கூடுதல். கட்டடம், இயந்திரக் கணக்கு ஏறியதோ வெறும் 20 லட்சம். அப்படியானால் மிச்சப் பணம் எங்கே போனது? சரக்கிலும் பாக்கியிலும் போய் உட்கார்ந்துவிட்டது. நீண்ட காலக் கடன் நடப்பு விகிதத்தின் கீழ்ப் பகுதியில் வராது. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிக் குவித்த சரக்கும், கடனுக்கு விற்றதால் ஏறிய பாக்கியும் மேல் பகுதியில் வந்துவிடும். மேலே ஏறுகிறது, கீழே ஏறவில்லை. விகிதம் தானாகவே அழகாகிவிடுகிறது. துணி விற்காமல் கிடந்து குவிந்தாலும், வாங்கியவர் பணம் தராமல் இழுத்தாலும், இந்த விகிதத்துக்கு அது முன்னேற்றம்தான்.

சரக்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும் விரைவு விகிதம் இதைப் பிடிக்கும் என்று சிலர் நம்புவார்கள். போட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டு 390-ஐ 460-ஆல் வகுத்தால் 0.85. இந்த ஆண்டு 700-ஐ 640-ஆல் வகுத்தால் 1.09. இதுவும் ஏறித்தான் இருக்கிறது, ஏனென்றால் நோய் சரக்கில் மட்டும் இல்லை, பாக்கியிலும் இருக்கிறது. ரொக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால்தான் நிஜம் தெரிகிறது: சென்ற ஆண்டு 100 ரூபாய் உடனடிப் பொறுப்புக்கு 13 ரூபாய் கையில் இருந்தது. இப்போது 3 ரூபாய்.

இதற்கு நேர் எதிர், நம் தெருமுனை மளிகைக் கடை. அண்ணாச்சி பருப்பையும் எண்ணெயையும் பத்து நாள் தவணையில் வாங்குகிறார், நான்கைந்து நாளில் ரொக்கத்துக்கு விற்றுவிடுகிறார். அவருடைய நடப்பு விகிதம் 1-க்குக் கீழே இருந்தாலும் ஒரு நாளும் தடுமாற மாட்டார். கல்லாவில் பணம் தினமும் வந்து விழுகிறது. அவருக்கு 0.9 போதும், ஏற்றுமதிக்குத் துணி அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கும் நம் கம்பெனிக்கு 1.72 போதாது. விகிதத்தை இன்னொரு தொழிலின் விகிதத்தோடு ஒப்பிடும் மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைப்பது இதனால்தான்.

ஆகவே நான் வகுப்பை நாட்கணக்குக்கு இழுத்து வருவேன். வரவேண்டிய பாக்கி எத்தனை நாள் விற்பனைக்குச் சமம்? சென்ற ஆண்டு 330-ஐ 2000-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 60 நாள். இந்த ஆண்டு 99 நாள். சரக்கு எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது? அதை அடக்க விலையோடு ஒப்பிட வேண்டும்; 58 நாளாக இருந்தது 75 ஆகிவிட்டது. சப்ளையருக்குக் கொடுக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள்? கொள்முதல் தொகை தாளில் இல்லாததால் இதையும் அடக்க விலையை வைத்துத்தான் போட முடியும். 61, 62 என்று மாறாமல் இருக்கிறது. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், நூலுக்குக் கொடுத்த ரூபாய் துணியாகி, விற்பனையாகி, மறுபடி கைக்கு ரூபாயாக வர எத்தனை நாள் என்பது கிடைக்கும். 58 நாளில் திரும்பிய பணம் இப்போது 112 நாளில் திரும்புகிறது. கிட்டத்தட்ட இரு மடங்கு. நடப்பு விகிதம் ‘முன்னேற்றம்’ என்று சொன்னதும் இதே சங்கதியைத்தான்.

இங்கே ஒரு சின்னப் பிணக்கு உண்டு. பல புத்தகங்கள் வருட ஆரம்பப் பாக்கியையும் வருடக் கடைசிப் பாக்கியையும் கூட்டிச் சராசரி எடுத்துத்தான் நாட்களைக் கணக்கிடச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் இந்த ஆண்டு 74 நாள்தான் வரும். 99 என்பது மறைந்துபோகும். சராசரி, சரிவை மெழுகிவிடுகிறது. அதற்காகக் கடைசி நாள் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. மார்ச் மாதத்தில் ஒரு பெரிய ஆர்டர் கப்பல் ஏறியிருந்தால், அந்தப் பாக்கி மார்ச் 31 அன்று இருக்கத்தானே செய்யும்? அது கெட்ட பாக்கி இல்லை, புதுப் பாக்கி.

இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நம் சட்டமே இப்போது வழி தந்திருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி வரவேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் குறிப்புகளில் காட்ட வேண்டும்: கெடு தாண்டி ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு வருடம், இரண்டு முதல் மூன்று, அதற்கும் மேல் என்று. 680 லட்சத்தில் பெரும்பகுதி முதல் கட்டத்தில் இருந்தால் மூச்சு விடலாம். ‘ஒரு வருடத்துக்கு மேல்’ என்ற கட்டத்தில் ஒரு கோடி கிடந்தால், துணியில் குறை என்று சொல்லி வாங்கியவர் டெபிட் நோட் போட்டிருக்கிறாரா, தகராறு நடக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டியலிலேயே தகராறில் உள்ள பாக்கி தனி வரியாக இருக்கும். மாணவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. இருப்புநிலைக் குறிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதே திருத்தம், நடப்பு விகிதம் உட்பட 11 விகிதங்களைக் கம்பெனியே கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்றும், முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறிய விகிதத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் நிறுவனத்தின் நடப்பு விகிதம் 1.39-லிருந்து 1.72 ஆனது 24 சதவீத மாற்றம். காரணம் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை!

சரி, லாபம் 132 லட்சம் வந்ததே, அது எங்கே? இதைத் தெரிந்துகொள்ளப் பணப்புழக்க அறிக்கையைக் கையால் போட்டுப் பார்ப்பதுதான் சிறந்த வழி. லாபம் 132. தேய்மானம் என்பது கையை விட்டுப் போகாத செலவு. மற்ற செலவுகளுக்குள் அது 60 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு திருப்பிக் கூட்டினால் 192. இனி கழிக்க வேண்டியவை: பாக்கி 350 லட்சம் ஏறியிருக்கிறது, அதாவது விற்றும் வராத பணம். சரக்கு 150 லட்சம் ஏறியிருக்கிறது, அதாவது வாங்கியும் விற்காத பணம். சப்ளையர்களும் மற்றவர்களும் 80 லட்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொண்டார்கள், அதைக் கூட்டிக்கொள்ளலாம். கணக்கு முடிந்தால் கழித்தல் 228 லட்சம். ஒரு கோடியே 32 லட்சம் லாபம் காட்டிய அதே ஆண்டில், தொழில் நடத்தியதில் இரண்டு கோடியே 28 லட்சம் கையை விட்டுப் போயிருக்கிறது.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்கு கைமாறிய நாளிலேயே விற்பனையைக் கணக்கில் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். பணம் வரும் நாள் வேறு. இரண்டு நாட்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை யாராவது நிரப்ப வேண்டும். இங்கே நிரப்பியது வங்கி. குறுகிய காலக் கடனில் 100, நீண்ட காலக் கடனில் 240, ஆக 340 லட்சம்.

இப்போது மாணவர்கள் பெருமையோடு சொன்ன 23.6 சதவீதத்துக்கு வருவோம். முதலாளிகள் போட்ட 560 லட்சத்துக்கு 132 லட்சம் லாபம். இந்த ஒரு எண்ணை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறை, அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் 1910-களில் டொனால்ட்சன் பிரவுன் என்ற நிதி அதிகாரி கொண்டுவந்த யோசனையிலிருந்து வளர்ந்தது. அதனால் இன்றும் டூபாண்ட் முறை என்றே பெயர். முதல் கேள்வி: 100 ரூபாய் விற்றால் எவ்வளவு நிற்கிறது? இரண்டாவது: 100 ரூபாய் சொத்தை வைத்து எவ்வளவு விற்கிறார்கள்? மூன்றாவது: முதலாளியின் ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் சொத்து ஓடுகிறது?

முதலாவது, 5.25 ரூபாய் இருந்தது 5.28 ஆகியிருக்கிறது. மாற்றமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, 175 ரூபாய் விற்ற இடத்தில் 154 ரூபாய்தான் விற்கிறார்கள். சரிவு. மூன்றாவதுதான் வேடிக்கை: முதலாளியின் ஒரு ரூபாயை வைத்து 2.28 ரூபாய் சொத்து ஓடியது, இப்போது 2.89. மூன்றையும் பெருக்கினால் 21 சதவீதம் 23.6 ஆகிறது. தொழில் கெட்டிக்காரத்தனத்தால் ஏறியது ஒன்றுமில்லை. சொத்தை ஓட்டுவதில் மந்தம்தான். ஏறியதெல்லாம் கடனால் ஏறியது.

கடனையும் முதலாளிகளின் பணத்தையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் எவ்வளவு என்று பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சென்ற ஆண்டு 860 லட்சத்துக்கு 180, அதாவது 20.9 சதவீதம். இந்த ஆண்டு 1260 லட்சத்துக்கு 240, அதாவது 19 சதவீதம். யாருடைய பணம் என்று பார்க்காமல் கணக்கிட்டால் தொழில் கீழே இறங்கியிருக்கிறது. முதலாளியின் பணத்தை மட்டும் பார்த்தால் மேலே ஏறியிருக்கிறது. இந்த இரண்டு விகிதமும் எதிரெதிர்த் திசையில் போனால் நடுவில் கடன் நிற்கிறது என்று அர்த்தம். வங்கிக்கு 11 சதவீதம் வட்டி, அந்தப் பணம் 19 சதவீதம் சம்பாதிக்கிறது என்றால் வித்தியாசம் முதலாளி வீட்டுக்குப் போகிறது. அதில் தப்பில்லை. உலகத்தில் பாதித் தொழில் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

ஆனால் அந்த வித்தியாசம் இரண்டு பக்கமும் வெட்டும். 680 லட்சம் பாக்கியில் ஒரு கோடி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கற்பனை இல்லை. வெளிநாட்டில் ஒரே ஒரு கடைத்தொடர் கடையை மூடினால் போதும். வட்டிக்கு முந்தைய லாபம் 240-லிருந்து 140 ஆகும். வட்டி குறையாது, அதே 64. மிச்சம் 76, வரி போக 57 லட்சம். வட்டியைப் போல் 3.75 மடங்கு சம்பாதித்தவர்கள் 2.2 மடங்குக்கு வந்துவிடுவார்கள். முதலாளிகளின் பணம் 485-ஆகச் சுருங்கும். அவர்களுடைய ஒரு ரூபாய்க்கு எதிரே கடன் 1.25 ரூபாய் இருந்தது 1.44 ஆகும். 23.6 சதவீத லாபம் 12 சதவீதத்துக்கும் கீழே விழும். வராமல் போன பாக்கி விற்பனையில் 4 சதவீதம்தான். அந்த 4 சதவீதம் முதலாளியின் லாபத்தைப் பாதிக்கும் மேல் தின்றுவிட்டது. கடன் ஏறுவதற்கு முன்பு, சென்ற ஆண்டு கணக்கில், முதலாளியின் ஒரு ரூபாய்க்கு எதிரே கடன் 72 பைசாதான் இருந்தது.

வட்டியை ஈட்டும் விகிதம் இங்கே இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அது லாபத்தை வட்டியோடு ஒப்பிடுகிறது. வங்கி வட்டியைப் பணமாகத்தான் கேட்கும். தொழிலிலிருந்து பணமே வராத வருடத்தில் 3.75 மடங்கு என்பது காகிதத்தில் உள்ள மடங்கு. 64 லட்சம் வட்டியையும் இவர்கள் புதுக் கடனிலிருந்துதான் கட்டியிருப்பார்கள்.

சப்ளையர் பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 62 நாள் தவணை என்பது வட்டியில்லாக் கடன், அதை இழுக்க இழுக்க லாபம் என்று பழைய பாடம் சொல்லும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நிலைமை மாறிவிட்டது. பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கோ ஜாப் ஒர்க் செய்கிறவருக்கோ எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராமல் வருடம் முடிந்தால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் 62 நாள் பாக்கி வைத்திருந்தால் நம் நிறுவனத்தின் வரி 44 லட்சத்தோடு நிற்காது.

மார்ச் 31 என்ற தேதிக்கும் ஒரு குணம் உண்டு. ஒரு கம்பெனியிடம் நடப்புச் சொத்து 300, பொறுப்பு 200 இருக்கிறது, விகிதம் 1.5. வருடக் கடைசி நாளில் கையில் உள்ள 100 ரூபாயைக் கொடுத்துப் பாக்கியைத் தீர்த்தால் சொத்து 200, பொறுப்பு 100. விகிதம் 2 ஆகிவிட்டது. யாரும் எதையும் திருடவில்லை, தொழிலில் ஒரு நூலிழைகூட மாறவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி கடன் வாங்கிக்கொள்வார்கள். வருடத்தின் சராசரிக் கடனைவிடக் கடைசி நாள் கடன் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வட்டி ஒரு நல்ல சாட்சி. 64 லட்சம் வட்டியை இரண்டு வருடக் கடன்களின் சராசரியான 530 லட்சத்தால் வகுத்தால் 12 சதவீதம். வாங்கிய கடனின் வட்டி விகிதம் 11 என்றால், நடுவருடத்தில் கடன் இதைவிட அதிகமாக ஓடியிருக்கிறது.

இது எல்லாம் கணக்கு நிஜமாக எழுதப்பட்டிருந்தால். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வாசிக்கச் சொல்வேன். இருப்புநிலைக் குறிப்பில் காட்டியிருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். முந்தைய காலாண்டில் காட்டிய 24 சதவீத லாப விகிதம் உண்மையில் 3 சதவீதம்தான் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கணக்கில் நாம் மேலே பார்த்த ரொக்க விகிதத்தைப் போட்டிருந்தால் பிரமாதமாக வந்திருக்கும். ‘வட்டி வருமானத்தை வங்கி இருப்பால் வகுத்துப் பார், ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படு’ என்பது நல்ல சோதனைதான். ஆனால் அங்கே வராத வட்டியையும் 376 கோடி வரவேண்டியதாக எழுதிவைத்திருந்தார்கள். விகிதம் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடும். எண் நிஜமா என்று வங்கிக்குப் போய்க் கேட்காது.

திருப்பூர்க் கணக்குக்குத் திரும்புவோம். ஒரு கோடி கடன் கொடுக்கலாமா? இந்த நிறுவனம் மோசமானதல்ல என்பதுதான் என் கருத்து. விற்பனையில் நிற்கும் லாபம் குறையவில்லை, ஆர்டர் இருக்கிறது, கடனைச் சம்பாதிக்கவும் தெரிகிறது. வேகமாக வளர்கிற எந்தப் பின்னலாடைக் கம்பெனிக்கும் ஒரு வருடம் பணம் இறுகத்தான் செய்யும். ஆனால் பாக்கியின் வயதுப் பட்டியலையும், ஏப்ரல், மே மாதங்களில் அந்த 680 லட்சத்தில் எவ்வளவு வசூலானது என்பதற்கு வங்கிக் கணக்கு நகலையும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் வந்திருந்தால் கொடுக்கலாம். வரவில்லை என்றால், அவர்கள் கேட்கும் ஒரு கோடி புதுத் தறிக்கோ ஆர்டருக்கோ இல்லை, பழைய பள்ளத்துக்குத்தான்.

கடைசியாக மாணவர்களிடம் இன்னொரு கணக்கைப் போடச் சொல்வேன். சென்ற ஆண்டு முதலாளிகளின் பணம் 500, இந்த ஆண்டு லாபம் 132. கூட்டினால் 632 இருக்க வேண்டும். தாளில் 560 இருக்கிறது. மீதி 72 லட்சம் டிவிடெண்டாக வெளியே போயிருக்கிறது. தொழில் 228 லட்சத்தை விழுங்கிய ஆண்டில் கொடுத்த டிவிடெண்ட் அது. அந்த 72 லட்சமும் வங்கியின் பணம்.